மேக்கில் பிரிண்டர்: டிரைவர் வேண்டுமா, வேண்டாமா?

புது மேக் லேப்டாப்பில் பிரிண்டரைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு நிமிட வேலைதான். System Settings-ஐத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் கீழே இறங்கி Printers & Scanners-க்குள் போனால், Add Printer, Scanner, or Fax… என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் திறக்கிற சிறிய சன்னலில், உங்கள் வைஃபையில் இருக்கிற பிரிண்டர்களின் பெயர்கள் வரும். பெயரைத் தேர்ந்தெடுத்து Add கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சன்னலின் அடியில் Use என்று ஒரு வரி இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரிண்டர் பின்னால் தரப்போகிற தொல்லைகளில் பாதி அந்த வரியில்தான் முடிவாகிறது. Add கொடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

அதில் பொதுவாக மூன்று வகைப் பதில்கள் வரலாம். AirPrint அல்லது Secure AirPrint என்று இருக்கலாம். பிரிண்டர் கம்பெனியின் டிரைவர் ஏற்கெனவே மேக்கில் இருந்தால், மாடலின் பெயர் இருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் Generic PostScript Printer, Generic PCL Printer போன்ற பொது டிரைவர்கள் வரும். AirPrint வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. கம்பெனி டிரைவரைத் தேடிப் போவதற்குத் திட்டவட்டமான ஒரு காரணம் வேண்டும். "கம்பெனி டிரைவர் என்றால் நன்றாகத்தான் இருக்கும்" என்கிற எண்ணம் மட்டும் போதாது.

டிரைவர் என்றால் என்ன? நீங்கள் அனுப்பும் பக்கத்தை அந்த பிரிண்டருக்கு மட்டுமே புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். அது உங்கள் மேக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறது. ஐபோனில் அப்படி எதையும் நிறுவ வழியில்லை. அதனால் 2010-இல் ஐஓஎஸ் 4.2-உடன் ஆப்பிள் ஏர்பிரிண்டைக் கொண்டுவந்தபோது ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது: போனிடம் பிரிண்டரின் பாஷை இருக்க வேண்டியதில்லை, எல்லா பிரிண்டர்களும் ஒரே பொது பாஷையைக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு வந்த லயன் பதிப்பிலிருந்து மேக்கும் இதில் சேர்ந்துகொண்டது.

ஏர்பிரிண்டில் பிரிண்டரைச் சேர்க்கும்போது மேக் அதனிடம் நேரடியாகக் கேட்கிறது: என்னென்ன அளவுத் தாள் ஏற்பாய், இரு பக்கமும் அச்சிடுவாயா, கலர் உண்டா, எந்த வடிவத்தில் பக்கத்தை அனுப்பலாம்? பிரிண்டர் சொல்கிற பதிலை வைத்தே அச்சிடும் சன்னலில் என்னென்ன வசதிகள் தெரிய வேண்டும் என்பதை மேக் அமைத்துக்கொள்கிறது. டிரைவர் போட்டுச் சேர்க்கும்போது, "இதில் இரு பக்க வசதி இருக்கிறதா, கூடுதல் டிரே இருக்கிறதா" என்று மேக் உங்களிடம் கேட்டு டிக் போடச் சொல்வதுண்டு. அதில் தவறவிட்டால், வசதி மெஷினில் இருந்தும் திரையில் வராது. ஏர்பிரிண்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஏற்கெனவே சேர்த்த பிரிண்டர் எந்த வழியில் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் சுலபம். Printers & Scanners பட்டியலில் அதன் பெயரை அழுத்துங்கள். Kind என்ற இடத்தில் மாடல் பெயரின் கடைசியில் AirPrint என்று ஒட்டியிருந்தால் டிரைவர் இல்லாத வழி. இல்லையென்றால் டிரைவர் வழி.

பிரிண்டர் பட்டியலிலேயே வராதபோதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பிரிண்டர் தன் பெயரை அறிவிப்பது ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். மேக் விருந்தினர் வைஃபையில் இருந்தாலும், ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் அது காதில் விழாமல் போகலாம். முதலில் இதைச் சரிபாருங்கள். யுஎஸ்பி கேபிளில் மாட்டியும் வரவில்லையென்றால், ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்புகளில் வெஞ்சுரா பதிப்பிலிருந்து வந்த ஓர் அனுமதிக் கேள்வியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புதிய பொருளை மாட்டும்போது அதை இணைக்கலாமா என்று மேக் கேட்கும். அவசரத்தில் மறுத்திருந்தால் பிரிண்டர் கண்ணிலேயே படாது.

இந்தக் கட்டத்தில் பலர் பொறுமையிழந்து, மேலே இருக்கும் உலக உருண்டைப் படத்தை அழுத்தி, ஐபி முகவரியை நேரடியாக அடித்துச் சேர்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அங்கே Protocol என்ற இடத்தில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். AirPrint என்ற தேர்வு இருந்தால் அதையே கொடுங்கள். அதை விட்டு Line Printer Daemon - LPD அல்லது HP Jetdirect - Socket என்று போனால் ஏர்பிரிண்ட் கிடைக்காது. உரிய டிரைவரும் மேக்கில் இல்லாதபோது Use வரியில் பொது டிரைவர் வந்து உட்கார்ந்துவிடும். அதை அப்படியே ஏற்று அச்சிட்டால், போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டர் தனக்கு வந்த கட்டளைகளையே எழுத்தாக நினைத்து அச்சடிக்கத் தொடங்கும். முதல் தாளின் தலையில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
%!PS-Adobe-3.0
```

அதன் கீழே புரியாத எழுத்துகள், தாள் தாளாக. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டாம். பிரிண்டரில் வேலையை ரத்து செய்து, மேக்கின் வரிசையிலும் நீக்கி, பிரிண்டரை எடுத்துவிட்டு ஏர்பிரிண்டில் மறுபடி சேர்த்தால் போதும்.

அப்படியானால் கம்பெனி டிரைவர் எப்போது தேவை? ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மூலையில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், அதுவே நெட்வொர்க் பிரிண்டரும்கூட. யார் எத்தனை பக்கம் எடுக்கிறார்கள் என்று கணக்கு வைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கோட் எண் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தன் மேக்புக்கில் மெஷினை ஏர்பிரிண்டில் சேர்க்கிறார். பிரிண்ட் கொடுக்கிறார். மேக்கில் வேலை போய்விட்டது, வரிசை காலி, பிழைச்செய்தி எதுவும் இல்லை. தாள் மட்டும் வரவில்லை. மெஷினின் திரையில் வேலைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், அவருடைய வேலை ரத்தானதாகப் பதிவாகியிருக்கிறது. கோட் இல்லாமல் வந்ததை மெஷின் தள்ளிவிட்டது. கோட் கேட்பதை ஏர்பிரிண்ட் வழியாகவே தெரிவிக்கிற மெஷின்களும் உண்டு. இந்த மெஷின் அப்படிப்பட்டது இல்லை.

இது டிரைவர் தேவைப்படுகிற உண்மையான இடம். மெஷின் கம்பெனியின் தளத்தில், அந்த மாடலின் பக்கத்தில், தன் மேக்ஓஎஸ் பதிப்புக்கு உரியது எதுவென்று பார்த்து அதைத்தான் இறக்க வேண்டும். தேடலில் முதலில் வந்து நிற்கிற "இலவச டிரைவர்" தளங்கள் பக்கமே போகக் கூடாது. நிறுவி முடித்ததும் மறுபடி Add Printer. இந்த முறை ஐபி முகவரி வழி: Address-இல் மெஷினின் முகவரி, Protocol-இல் HP Jetdirect - Socket. பெயரில் எச்பி இருந்தாலும் மற்றக் கம்பெனி மெஷின்கள் பலவும் இதை ஏற்கும். பிறகு Use வரியில் Select Software… கொடுத்தால் ஒரு பட்டியல் திறக்கும். மாடல் எண்ணை அடித்துத் தேடி எடுக்கலாம். Name என்ற இடத்தில் "Office - Code" என்பது போல வேறு பெயர் வையுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது அச்சிடும் சன்னலில் அந்தக் கம்பெனியின் பகுதி ஒன்று புதிதாக வந்திருக்கும். கோட் எண்ணை அங்கே போட்டு, Presets-இல் சேமித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியதில்லை.

இதற்காக முதலில் சேர்த்த ஏர்பிரிண்டை நீக்க வேண்டும் என்றில்லை. ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் பட்டியலில் இருக்கலாம். மேக் அதைத் தடுக்காது. புகைப்படம் அச்சிடுகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும்: அன்றாடக் கடிதங்களுக்கு ஏர்பிரிண்ட், தனிவகைத் தாளும் கலர் புரொஃபைலும் தேவைப்படும் படங்களுக்கு டிரைவர். Default printer என்ற இடத்தில் Last Printer Used என்பதை மாற்றி, ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்று படம் எடுத்த அமைப்பிலேயே இன்று கடிதமும் போகும்.

இங்க் டாங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஹெட் கிளீனிங்குக்காகவே டிரைவர் போடுகிறார்கள். அதற்கு முன் Options & Supplies-க்குள் Show Printer Webpage… என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் பிரவுசரில் திறக்கும். பல மாடல்களில் மை நிலவரமும் பராமரிப்பும் அங்கேயே இருக்கும்.

டிரைவருக்கு ஆயுள் உண்டு என்பதே அதன் பெரிய குறை. 2020 அக்டோபரில் எச்பியின் பழைய மேக் டிரைவர்களுக்கான கையொப்பச் சான்றிதழ் ரத்தானதும், நேற்றுவரை ஓடிய பிரிண்டர்களுக்கு "இது உங்கள் கணினியைச் சேதப்படுத்தும்" என்ற எச்சரிக்கை திரையில் வந்து பலரை மிரட்டியது. அவர்களில் ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டர் வைத்திருந்தவர்களுக்கு, அதை நீக்கி ஏர்பிரிண்டில் சேர்க்க வழி இருந்தது. மேக்ஓஎஸ் பதிப்பு மாறிய மறுநாள் "Filter failed" என்று வரிசை நின்றுபோனால், பெரும்பாலும் அந்த டிரைவருக்குப் புதிய பதிப்பு ஒத்துவரவில்லை என்று பொருள். இன்டெல் காலத்து டிரைவர்கள் இன்றும் ரொசெட்டா என்ற இடைத்தரகு மென்பொருளை நம்பித்தான் ஓடுகின்றன. மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு ரொசெட்டாவின் பெரும்பகுதி இருக்காது என்று ஆப்பிள் 2025-இலேயே அறிவித்துவிட்டது. மேக்கில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற அடித்தளமும் டிரைவர்களுக்கு விடைகொடுக்கும் பாதையில்தான் போகிறது.

இதில் பாவப்பட்டவை நம் ஊர் மேசைகளில் இன்னும் உழைக்கிற எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 போன்ற பழைய உழைப்பாளிகள். அவை கம்ப்யூட்டரே பக்கத்தைத் தயாரித்து, தமக்கே உரிய பாஷையில் ஊட்ட வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஏர்பிரிண்டும் தெரியாது, போஸ்ட்ஸ்கிரிப்டும் தெரியாது. Generic வரிசையில் எதைத் தேர்ந்தாலும் அவற்றிடம் பலிக்காது. வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் பிரிண்டரை அதிலேயே விட்டுவைத்து, மேக்கிலிருந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பி அச்சிடுவதுதான் தலைவலி இல்லாத வழி.

புது பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் "மேக்கில் ஓடுமா" என்று கேட்டால் ஓடும் என்றுதான் பதில் வரும். பெட்டியிலோ, கம்பெனி தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலிலோ AirPrint என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரே வரிசையில் ஒரே மாதிரித் தோற்றத்தில் வரும் இரண்டு மாடல்களில் ஒன்றில் வைஃபையும் ஏர்பிரிண்டும் இருக்கும், மற்றதில் யுஎஸ்பி மட்டும்தான். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.