டோக்ளா கேட்டால் மஞ்சளாக வருவது ஏன்? குஜராத்தி பலகாரக் கடைக்கு முதல் தடவை போகிறவருக்கு

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு நேயரோட கேள்வியில இருந்து வருது. மதுரையில மாசி வீதிகள் பக்கம் வடநாட்டு இனிப்புக் கடை ஒண்ணுக்குப் போயிருக்காங்க. "டோக்ளா கேட்டேன். மஞ்சளா, பஞ்சு மாதிரி, லேசா இனிப்பா குடுத்தாங்க. அடுத்த வாரம் வேற கடையில அதே பேரைச் சொன்னேன். வெள்ளையா, புளிப்பா, இட்லி மாதிரி வந்துச்சு. எது நிஜம்?"ன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டு கடைக்காரரும் ஏமாற்றவில்லை. பேர்கள்தான் கலந்து கிடக்கின்றன. அந்தப் பேர்களைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. எது இன்றே சாப்பிட வேண்டியது, எது ஊருக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்பதையும் அந்தப் பேரே பெரும்பாலும் சொல்லிவிடும். இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

முதலில் இரண்டு பெரிய பேர்கள்

கடையில் இரண்டு பக்கம் இருக்கும். இனிப்புப் பக்கம் மிட்டாய். நம்ம ஊரில் மிட்டாய் என்றால் குழந்தைகள் வாயில் போட்டுச் சப்புவது. அங்கே பேடா, பர்ஃபி, லட்டு எல்லாமே மிட்டாய்தான். கார, உப்புப் பக்கம் ஃபர்சாண்.

இந்த ஃபர்சாணில்தான் ஒரு குழப்பம். மும்பைப் பக்கம் ஃபர்சாண் என்று கேட்டால் மிக்ஸர் மாதிரி ஒரு கலவையை அளந்து போடுவார்கள். குஜராத்தியில் அது ஒரு பண்டத்தின் பேர் இல்லை, ஒரு வகையின் பேர். நம்ம 'காரம்' மாதிரி. எண்ணெயில் பொரித்த சேவும் ஃபர்சாண், ஆவியில் வெந்த டோக்ளாவும் ஃபர்சாண். அதனால் "ஃபர்சாண் அரை கிலோ" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் கைக்கு எது வருகிறதோ அது வரும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நமக்கு இது சுலபம். குஜராத்தியில் இந்தச் சொல் 'ண்' என்றுதான் முடிகிறது. டோக்ளாவில் வருவதும் நம்ம 'ள'தான். இந்திக்காரர்கள் 'டோக்லா' என்பார்கள். நீங்கள் 'டோக்ளா' என்று அழுத்திச் சொன்னால் அதுதான் சரி.

இன்னொன்றும் பலர் கேட்பது: "மதுரையில சௌராஷ்டிரர்கள் இவ்வளவு பேர் இருக்காங்களே, அவங்க வீட்டுச் சாப்பாடும் இதுதானா?" இல்லை. அவர்கள் முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், பேசும் மொழி குஜராத்திக்கு உறவு என்பதும் சரி. ஆனால் பல நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்து, தங்களுக்கென்று ஒரு சமையலை வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைச் சொற்கள் பிற்காலத்தில் வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகளோடும் ராஜஸ்தானிகளோடும் வந்தவை.

டோக்ளாவும் கமணும்

இப்போ நேயர் கேட்டதுக்கு வருவோம். அவங்க முதல்ல சாப்பிட்ட மஞ்சள் பஞ்சோட சரியான பேர் கமண். முழுக்கக் கடலைப்பருப்பில் செய்வது. அரிசி கிடையாது. இரண்டாவதாகச் சாப்பிட்ட வெள்ளை ரகம்தான் டோக்ளா. அரிசியும் பருப்பும் ஊறவைத்து, அரைத்து, ஒரு ராத்திரி புளிக்கவைத்து, தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது. மேலே மிளகாய்த்தூளோ மிளகுத்தூளோ தூவுவார்கள். அரிசியும் உளுந்தும் சேர்த்து மெல்லிசாக ஊற்றினால் அதற்கு இதடா என்று பேர். இட்லி மாவைத் தட்டில் ஊற்றி, மிளகு தூவி, துண்டு போட்ட மாதிரிதான் இருக்கும். மதுரைக்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம்.

குஜராத்துக்கு வெளியே கமணையும் டோக்ளா என்றே விற்கப் போய், பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் கடையில் "மஞ்சளா, கடலை மாவுதா? வெள்ளையா, அரிசி மாவுதா?" என்று கேட்டுவிடுங்கள். குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கமணிலும் இரண்டு உண்டு. 'நைலான் கமண்' என்று எழுதியிருந்தால் பயப்படாதீங்க, பிளாஸ்டிக் ஒன்றும் இல்லை. அவ்வளவு மிருதுவாக, வழவழப்பாக இருப்பதால் அந்தப் பேர். கடலை மாவைக் கரைத்து, சிட்ரிக் ஆசிட் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்து, கடைசி நிமிஷத்தில் சமையல் சோடா போட்டு உடனே ஆவியில் வைப்பார்கள். புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைப்பதால் பஞ்சாகிறது. வெந்த பிறகு கடுகு, பச்சை மிளகாய் தாளித்து, சர்க்கரை கலந்த தண்ணீரோடு மேலே ஊற்றுவார்கள். நேயர் சொன்ன இனிப்பு அங்கிருந்து வருவதுதான். இன்னொன்று 'வாட்டி தால் கமண்'. ஊறவைத்த கடலைப்பருப்பை அரைத்துச் செய்வது. கொஞ்சம் கரகரப்பாக, பருப்பு ருசி தூக்கலாக இருக்கும்.

நல்ல கமணைப் பார்த்தே சொல்லலாம். விரலால் லேசாக அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். வெட்டின பக்கத்தில் துளைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். அடியில் மட்டும் களி மாதிரி கெட்டியாக இருந்தால், சோடா போட்ட மாவு ஆவிக்குப் போகாமல் காத்துக் கிடந்திருக்கிறது. நுரை அடங்கிவிட்டது என்று அர்த்தம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளி தெரிந்தால், சோடா சரியாகக் கலக்கவில்லை. மஞ்சள்தூள் சோடா பட்ட இடத்தில் சிவக்கும். வேட்டியில் மஞ்சள் கறைமேல் சோப்பு போட்டால் சிவக்கிறதே, அதே சங்கதி. அந்த இடத்தைக் கடித்தால் சோப்பு ருசியும் அடிக்கும். கெட்டுப்போனது இல்லை, கைப்பக்குவம் தவறியது.

கெட்டுப்போனதற்கு அடையாளம் வேறு. மேற்பரப்பு பிசுபிசுவென்று இருக்கும். பிட்டால் நூல் மாதிரி இழுக்கும். எலுமிச்சைப் புளிப்பு இல்லாமல் ஊசின வாடை வரும். அதைக் கையில் வாங்கவே வாங்காதீங்க.

பேரே சொல்லும் ஆயுள்

ஆவியில் வெந்த எல்லாமே அன்றைக்கே முடிக்க வேண்டியவை. டோக்ளா, கமண், அப்புறம் காண்ட்வி. காண்ட்வி என்பது கடலை மாவையும் மோரையும் கிளறி, மெல்லிசாகத் தேய்த்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டுவது. சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைக்கும் பாத்ராவும் இந்தக் கூட்டம்தான். மதுரைச் சித்திரை வெயிலில் இவற்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

பொரித்தவை வேறு. காண்டியா என்பது கடலை மாவில் ஓமம், மிளகு போட்டுப் பிழிவது. நம்ம காராச்சேவுக்கு உறவு, ஆனால் சோடா சேர்வதால் வாயில் போட்டதும் கரையும். சேவ்டோ நம்ம மிக்ஸருக்கு அண்ணன். சக்ரி முறுக்கு. இவை காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒரு துண்டு வாங்கி மோந்து பாருங்க. காறல் வாடை அடித்தால் எண்ணெய் பழசு. பொரித்ததில் ஒரு விதிவிலக்கு ஃபாஃப்டா. பட்டையாகத் தேய்த்து எடுப்பது. அதைச் சூடாக, பொரித்த பச்சை மிளகாயோடு, ஜிலேபி பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால்தான் ருசி. பார்சலுக்கு ஆகாது.

மிட்டாய்ப் பக்கம் ஒரே கேள்வி போதும்: "மாவா இருக்கா?" மாவா என்றால் தமிழ் மாவு இல்லை, கோவா. பாலைச் சுண்டக் காய்ச்சினது. பேடா அதில்தான் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிப் பழகினவங்களுக்குத் தெரியும், வெளியில் வைத்தால் ஓரிரு நாள்தான். மகஸ் அப்படி இல்லை. கடலை மாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரைப் பொடி சேர்ப்பது. தண்ணீரும் பாலும் இல்லாததால் வாரக்கணக்கில் இருக்கும். மோகன்தாள் நடுவில் நிற்கிறது. மாவில் கொஞ்சம் பாலும் நெய்யும் பிசறிச் சலித்து, நெய்யில் வறுத்து, பாகில் போடுவது. மைசூர்பாகின் சொந்தக்காரன், ஆனால் மணல் மணலாக, மிருதுவாக இருக்கும். சில கடையில் ருசிக்காக மாவா சேர்ப்பார்கள். சேர்த்திருந்தால் ஆயுள் குறையும். அதனால் மோகன்தாளுக்கு அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்க.

உதிரியாக விற்கிற இனிப்புக்கும் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருந்தது. தட்டில் அந்தச் சீட்டு இல்லையென்றால் தயங்காமல் கேட்கலாம்.

ஒரு வீட்டு விசேஷத்துக்கு வாங்கிப் பார்ப்போம்

மேலூரில் சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வையுங்கள். பத்துப் பேர். மதுரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஏதாவது ஒன்று ஊசிப்போய்த் தட்டில் வந்தால், அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் ஓடும்.

கமண் வேண்டுமென்றால் காலையில் கடை திறந்ததும் வாங்காதீங்க. எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று முதல் நாளே கேட்டு, மதியம் ஒரு மணி வாக்கில் எடுங்க. துண்டு 40 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 25 துண்டு வரும். ஆளுக்கு இரண்டு துண்டுக்கு ஒரு கிலோ தாராளம். துண்டின் அளவு கடைக்குக் கடை மாறும், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்க. தேங்காயும் கொத்தமல்லியும் மேலே தூவ வேண்டாம், தனியாகக் கட்டிக் கொடுங்க என்று சொல்லிவிடுங்க. தேங்காய்தான் முதலில் கெடும். டப்பாவைச் சூட்டோடு இறுக மூடாமல், ஆறவிட்டு மூடினால் உள்ளே வியர்க்காது.

காண்டியா அரை கிலோ முதல் நாளே வாங்கி வைக்கலாம். இனிப்புக்கு மாவா சேராத மோகன்தாளோ மகஸோ அரை கிலோ. பேடாதான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அன்றைக்குப் போட்டதாகப் பார்த்து, கமணோடு சேர்த்து மதியமே எடுங்க. வருகிறவர்கள் பூண்டு, வெங்காயம், கிழங்கு சேர்க்காதவர்கள் என்றால் பாக்கெட்டில் 'ஜெயின்' என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்க.

கமண் மிச்சமானால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் இட்லிப் பானையில் அஞ்சு நிமிஷம் ஆவி காட்டினால் பழைய மிருது பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கு அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

நேயருக்குப் பதில் இதுதான்: நீங்க ரெண்டாவது கடையில சாப்பிட்டது டோக்ளா, முதல் கடையில சாப்பிட்டது நைலான் கமண். அடுத்த தடவை பேர் சொல்லியே கேளுங்க. இந்தக் கடைச் சொற்களில் வேறு ஏதாவது புரியாமல் இருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.