பால்மா பக்கட்டில் உள்ள புரதக் கணக்கு

பால்மா பக்கட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் 24.8 கிராம் என்று அச்சிட்டிருந்தால், ஆய்வுகூடத்தில் யாரோ புரதத்தைப் பிரித்தெடுத்துத் தராசில் நிறுத்திருக்கிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். அப்படி நடப்பதில்லை. அங்கே வழக்கமாக அளக்கப்படுவது நைதரசன். அளந்த நைதரசனை 6.38 என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் அந்தப் புரதம். ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் வயல் செய்கிற வீடுகளுக்கு நைதரசன் புதிய சொல் அல்ல. யூரியா மூட்டையில் போட்டிருக்கும் 46 என்ற எண் அதன் நைதரசன் வீதம்தான். பாலின் புரதத்தில் இருப்பதும் அதே நைதரசன். இந்தப் பரிசோதனைக்கு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாது. அதனால் புரத அளவு பற்றிச் சந்தேகம் வந்தால், அந்த நைதரசன் எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காத முறைப்பாடு பாதி முறைப்பாடு.

கெல்டால் முறை என்று இதற்குப் பெயர். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த யோகான் கெல்டால் தானியங்களின் புரதத்தை அறிவதற்காக 1883இல் இதை வெளியிட்டார். அரைக் கிராம் பால்மாவை நீண்ட கழுத்துள்ள குடுவையில் போட்டு, செறிந்த சல்பூரிக் அமிலம் ஊற்றி, அமிலத்தின் கொதிநிலையை உயர்த்தப் பொட்டாசியம் சல்பேற்றும், வேலையை விரைவுபடுத்தச் செப்புச் சல்பேற்றும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். முதலில் எல்லாம் கருகி நுரைக்கும். சில மணி நேரத்தில் கருமை போய்த் தெளிந்த திரவம் மிஞ்சும். அதற்குள் புரதத்தின் நைதரசன் அமோனியம் சல்பேற்றாக மாறியிருக்கும். ஆறவைத்து நீர் விட்டு, சோடியம் ஐதரொட்சைட்டைத் தாராளமாகச் சேர்த்தால் அமோனியா வெளியேறும். அதை ஆவியாக வடித்துப் போரிக் அமிலத்தில் பிடித்து, செறிவு தெரிந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தால் துளித்துளியாக அளக்கிறார்கள். 0.1 செறிவுள்ள அமிலம் 14.1 மில்லிலீற்றர் செலவானது, மாதிரி போடாத வெற்றுச் சோதனைக்கு 0.2 செலவானது என்று வைப்போம். மிகுதி 13.9. அதை 0.1 ஆலும் 14 ஆலும் பெருக்கினால் 19.46 மில்லிகிராம் நைதரசன், அதாவது அரைக் கிராமில் 3.89 வீதம். அதை 6.38 ஆல் பெருக்கினால் 24.8 என்ற எண் வந்துவிடும். கருமை முழுதாகத் தெளியுமுன் அடுப்பை நிறுத்தினாலோ, வடிக்கும் குழாயில் கசிவு இருந்தாலோ விடை குறைந்துவிடும். நைதரசன் அளவு தெரிந்த அமோனியம் சல்பேற்றை வடித்துப் பார்த்தால் கசிவு பிடிபடும். எரிப்பு சரியா என்பதைத் தூய அமினோ அமிலம் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே ஓட்டிப் பார்த்து அறிவார்கள்.

பெருக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். புரதத்தில் சராசரியாக 16 வீதம் நைதரசன் என்று கொண்டால் 100ஐ 16 ஆல் வகுக்க 6.25 வரும். பொதுவாகப் பாவிக்கும் எண் அதுதான். ஆனால் எல்லாப் புரதமும் ஒரே கட்டமைப்புக் கொண்டதல்ல. பாலுக்கு 6.38, அரிசிக்கு 5.95, கோதுமை மாவுக்கு 5.70, சோயாவுக்கு 5.71. மேலே சொன்ன அதே பால்மாவை 6.25 ஆல் பெருக்கினால் 24.3 தான் வரும். பக்கட்டுக்குள் இருப்பது மாறவில்லை, எண் மட்டும் மாறியது. கோதுமை மாவில் 6.25ஐப் பாவித்தால் புரதம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடிக் காட்டும். எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று தெரியாமல் இரண்டு பக்கட்டுகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நைதரசனுக்கும் புரதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள்தான் 2008இல் சீனாவின் பால் மோசடி நுழைந்தது. மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டுகள் செய்யப் பயன்படும் இரசாயனம். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். பால் புரதத்துக்கான கணக்கில் போட்டால் ஒரு கிராம் மெலமைன் 4.25 கிராம் புரதம்போலத் தோன்றும். ஒரு லீற்றர் பாலில் 32 கிராம் புரதம் இருக்கிறது, அதில் 300 மில்லிலீற்றர் தண்ணீர் கலக்கிறார்கள் என்று வைத்துப் பாருங்கள். லீற்றருக்கு 24.6 கிராமாகப் புரதம் இறங்கும். பரிசோதனையில் பழையபடி 32 என்று காட்ட அந்த 1.3 லீற்றருக்கும் சேர்த்து இரண்டேகால் கிராம் மெலமைன் போதும். தண்ணீர் விற்ற காசு மோசடிக்காரனுக்கு. கல்லடைத்த சிறுநீரகம் குழந்தைக்கு. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கெல்டால் பரிசோதனை அங்கே பிழையாக வேலை செய்யவில்லை. நைதரசனைச் சரியாகவே அளந்தது. அதைப் புரதம் என்று நம்பியதுதான் பிழை.

அப்படியென்றால் இந்தப் பழைய முறையையே விட்டுவிட்டுப் புதிய கருவி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். மாதிரியை ஒட்சிசனில் எரித்துச் சில நிமிடங்களில் விடை தரும் டூமா முறை இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் அதுவும் நைதரசனைத்தான் எண்ணுகிறது. மெலமைன் அதையும் ஏமாற்றும். நைதரசன் கூடியிருந்தால் கலப்படம்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் முடியாது. நம் கரையில் பிடிபடும் சுறாவையும் திருக்கையையும் பாருங்கள். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க அவை தம் உடலிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கின்றன. 100 கிராம் சுறாச் சதையில் ஒன்றரைக் கிராம் யூரியா இருந்தால், இல்லாத புரதம் கணக்கில் நான்கு கிராமுக்கு மேல் ஏறிவிடும். சுறா பழுதானால் மூக்கைத் துளைக்கும் அமோனியா மணமும் இதே யூரியா உடைவதால்தான். இங்கே யாரும் எதையும் கலக்கவில்லை.

முறையை விடத் தேவையில்லை, கூட ஒரு படி சேர்த்தால் போதும். பாலில் டிரைகுளோரோ அசற்றிக் அமிலம் சேர்த்தால் புரதம் திரிந்து கீழே படியும். யூரியாவும் மெலமைனும் தெளிநீரில் தங்கும். வடிகட்டிய தெளிநீரிலும் கெல்டால் செய்தால் புரதமல்லாத நைதரசன் தனியே தெரியும். நல்ல பசுப்பாலில் அது மொத்த நைதரசனில் சுமார் 5, 6 வீதம். மேலே கணக்கிட்ட கலப்படப் பாலில் அது கால் பங்கைத் தாண்டும். ஆனால் இந்தப் படிக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான உணவுகளில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் மெலமைன் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் நியமம். அவ்வளவு சிறிய அளவு கெல்டாலில் தென்படாது, அதைப் பிரித்து இனங்காணும் கருவிகள் வேண்டும். 2013இல் நம் நாட்டில் நியூசிலாந்துப் பால்மா பற்றி எழுந்த டிசிடி சர்ச்சையும் இந்த வகைதான். டிசிடி புல்தரையில் தெளிக்கப்பட்ட பொருள், புரதக் கணக்கை உயர்த்தக் கலந்ததல்ல. அதிலும் நைதரசன் மிகுதி என்றாலும், எச்சமாக இருக்கும் அளவு புரதப் பெறுமானத்தில் தெரியாது. ஆகவே புரதப் பரிசோதனையில் தேறியது என்ற அறிக்கையைக் காட்டி டிசிடியோ மெலமைனோ இல்லை என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

சந்தேகமான பக்கட்டை வீட்டில் உடைத்து வைத்துவிட்டு முறையிட்டால் வழக்கு நிற்பது கடினம். பற்றுச்சீட்டையும், தொகுதி எண், உற்பத்தித் திகதி உள்ள பக்கட்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்க் கடையிலிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பொருளின் தரம் அல்லது லேபல் பற்றியதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கடிதத்தில் "புரதம் குறைவு" என்று மட்டும் எழுதாமல், மொத்த நைதரசன், புரதமல்லாத நைதரசன், பெருக்கிய எண் ஆகிய மூன்றையும் அறிக்கையில் தனித்தனியே தருமாறு கேளுங்கள். நச்சுப் பொருள் இருக்குமோ என்ற பயமென்றால் அதன் பெயரைச் சொல்லித் தனிப் பரிசோதனை கேளுங்கள், புரத அறிக்கை அதற்குப் பதிலாகாது.