14 நாள் இரவலுக்கு ஒரு கடிதம்

ஒரு கல்லூரியின் வேதியியல் மாணவர்கள் 40 கிணறுகளின் நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்கப் போகிறார்கள் என வைத்துக்கொள்வோம். நைட்ரேட்டை 220 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளக்கலாம். அவர்களுடைய கலரிமீட்டர் அதற்கு உதவாது. யு.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உயிர்வேதியியல் துறையில்தான் இருக்கிறது. அந்தத் துறைத் தலைவருக்கு என்ன எழுதுவது?

"திட்டப்பணிக்குத் தேவைப்படுகிறது, இரண்டு வாரம் தந்து உதவவும்" என்று எழுதினால் உடனே ஒரு கேள்வி வரும்: "மாதிரிகளை இங்கேயே கொண்டுவந்து ஒரே நாளில் அளந்துவிட்டுப் போகலாமே?" அதற்கான பதில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். நைட்ரேட் மாதிரியைக் குளிர்நிலையில் வைத்து, எடுத்த 48 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். 40 கிணற்று நீரையும் சேர்த்து வைக்க முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முறைக்கு 8 கிணறு என்று ஐந்து முறை போய் வர வேண்டும். கருவியை நிறுவிச் சரிபார்க்கும் நாளையும், சந்தேகமான அளவுகளைத் திரும்பப் பார்க்கும் நாள்களையும் சேர்த்தால் 14 நாள் ஆகிவிடும்.

கொடுப்பவரின் கவலை வேறு. இருப்புப் பதிவேட்டில் அந்தக் கருவி அவர் பொறுப்பில் இருக்கிறது. அதனால் கருவியின் வரிசை எண்ணோடு உடன் வருபவற்றையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். குறிப்பாகக் குவார்ட்ஸ் குவெட்டுகள். சாதாரணக் கண்ணாடி 220 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால் இவை இல்லாமல் வேலை நடக்காது. விலையும் அதிகம், கை தவறினால் உடையும்.

அடுத்த கவலை, கருவி போன மாதிரியே திரும்புமா என்பது. தூக்கிச் செல்லும்போது உள்ளிருக்கும் ஒளியியல் பாகங்கள் சற்று நகரலாம்; வெளியே பார்த்தால் தெரியாது. ஹோல்மியம் ஆக்சைடு கண்ணாடி வடிகட்டியை வைத்தால் 361 நானோமீட்டர் அருகே கூர்மையான உச்சம் வரும். எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் இருவர் முன்னிலையில் இதைப் பார்த்துக் குறித்துவைத்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

முதல்வர் வழியாக அனுப்பும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மாணவர்களின் கிணற்றுநீர் நைட்ரேட் ஆய்வுக்காகத் தங்கள் துறையின் யு.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரையும் 2 குவார்ட்ஸ் குவெட்டுகளையும் 3ஆம் தேதி முதல் 16ஆம் தேதி வரை தந்து உதவ வேண்டுகிறேன். எங்கள் ஆய்வக உதவியாளர் மட்டுமே கருவியை இயக்குவார். டியூட்டீரியம் விளக்கு எரிந்த மணிக்கணக்கைக் குறித்துத் தருகிறோம். பழுது ஏற்பட்டால் செலவை எங்கள் துறை ஏற்கும். இடையில் தங்கள் செய்முறை வகுப்புக்குத் தேவைப்பட்டால், ஒரு நாள் முன்பு சொன்னால் திருப்பி அனுப்பிவிடுகிறோம்."

கடைசி வரியை எழுதும் முன் அவர்களுடைய கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். அந்த நாள்களில் அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள்.