செயலியை மேலிருந்து கீழாக வெட்டுவது எப்படி?

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். முதல் சந்திப்பில் அவர்கள் காட்டும் கால அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டு வாரப் பணி என்றால் முதல் இரண்டு வாரம் தரவுத்தளம், அடுத்த இரண்டு வாரம் சர்வர், அதற்கடுத்த இரண்டு வாரம் திரைகள், ஏழாவது வாரம் எல்லாவற்றையும் இணைப்பது, எட்டாவது வாரம் ஆசிரியரிடம் இயக்கிக் காட்டுவது. பார்க்க அழகான அட்டவணை. நால்வர் குழுவில் ஆளுக்கொரு வேலையும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் அதில் ஒரு கேள்விக்கு இடமில்லை. இந்தச் செயலியை முதன்முதலில் ஒருவர் எந்த நாளில் பயன்படுத்திப் பார்ப்பார்? கணக்குப் போட்டால் ஏழாவது வாரக் கடைசி என்று வரும். அதற்கு முன்பு தரவுத்தளம் முடிந்திருக்கலாம், சர்வர் முடிந்திருக்கலாம். ஆனால் அவற்றை வைத்து யாரும் ஒரு தட்டு மீ கோரிங்கூட வாங்க முடியாது.

மீ கோரிங் என்று சும்மா சொல்லவில்லை. கல்லூரி உணவகத்தில் வரிசையில் நிற்காமல் முன்கூட்டியே உணவு சொல்லிவைக்கும் செயலி, மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலைப்பு. முன்பு ஒரு குழு மேலே சொன்ன அட்டவணைப்படியே அதைச் செய்தது. தரவுத்தளம் எழுதியவர் விலையைக் காசுக் கணக்கில் 350 என்று வைத்திருந்தார். சர்வர் எழுதியவர் அதை "3.50" என்ற எழுத்துச்சரமாக மாற்றி அனுப்பினார். திரை எழுதியவர் தமக்கு எண் வருகிறது என்று நினைத்துக்கொண்டு கூட்டினார். மூன்று வெள்ளி ஐம்பது காசு மீ கோரிங்கும் நான்கு வெள்ளி கோழிச் சோறும் சேர்ந்தபோது மொத்தத் தொகை என்று திரையில் வந்தது இது: `3.504.00`. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு எழுத்துச்சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மூவரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். பிழை இருந்தது அடுக்குகளுக்கு நடுவே. விலை வரும் இடமெல்லாம் இதே கதை என்பதால் ஏழாவது வாரம் முழுவதும் அதிலேயே போனது.

இதற்கு மாற்று வழி புதிதல்ல. ஒரு பயனருக்கு என்ன வேண்டும் என்பதைச் சிறு வாக்கியமாக எழுதி, அதையே வேலையின் அலகாகக் கொள்வது மென்பொருள் துறையில் 1990களின் இறுதியிலிருந்தே பரவிய பழக்கம். அந்த வாக்கியத்துக்குப் பயனர் கதை என்று பெயர். கதை பெரிதாக இருந்தால் அதைப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு பில் வேக் என்ற மென்பொருளாளர் 2003ல் எழுதிய கட்டுரை ஒன்றில் அடுக்குக் கேக்கை உவமையாகக் காட்டினார். கேக்கைக் கிடைமட்டமாக அறுத்து ஓர் அடுக்கை மட்டும் கொடுத்தால் சாப்பிடுகிறவருக்குக் கேக்கின் சுவை தெரியாது. மேலிருந்து கீழாக வெட்டினால் துண்டு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் எல்லா அடுக்கும் அதில் இருக்கும். (நம் ஊரில் குவே லாப்பிஸை அடுக்கடுக்காக உரித்துத் தின்பதே சுகம் என்பதால் இந்த உவமை இங்கே கொஞ்சம் இடறும். செயலியை மட்டும் அப்படித் தின்ன முடியாது.)

அண்மையில் வேறொரு நால்வர் குழு அதே தலைப்போடு, அதே அட்டவணையோடு வந்தது. இந்த முறை அட்டவணையைக் கலைத்துவிட்டு ஒரே ஒரு கதையிலிருந்து தொடங்கலாம் என்று பேசி முடிவு செய்தோம். கதை இதுதான்: மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு மீ கோரிங் கேட்கிறார், கடைக்காரர் அதைத் தம் கைபேசியில் பார்க்கிறார். உள்நுழைவு இல்லை, கட்டணம் இல்லை, வேறு உணவு இல்லை, வேறு கடையும் இல்லை. மாணவருக்கு ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் ஓர் எண் வரும். கடைக்காரருக்கு எண்களின் பட்டியல். தரவுத்தளத்துக்கு இது போதும்:

```sql
CREATE TABLE orders (
  id INTEGER PRIMARY KEY,
  item TEXT,
  picked_up INTEGER DEFAULT 0
);
```

"இதுக்கு இரண்டு வாரமா?" என்று குழுவில் ஒருவர் சிரித்தார். கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகத்தான் செய்தது. நிரலை எழுத ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. மீதி நாள்கள் அதைத் தங்கள் மடிக்கணினியிலிருந்து வெளியே கொண்டுவந்து, இணையத்தில் ஏற்றி, இன்னொருவரின் கைபேசியில் திறக்க வைப்பதில் போயின. பழைய அட்டவணையில் அந்த வேலைக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. எல்லா அடுக்குகளையும் தொட்டுச் செல்லும் இத்தகைய முதல் துண்டை அலிஸ்டர் காக்பர்ன் என்ற மென்பொருள் அறிஞர் நடக்கும் எலும்புக்கூடு என்று அழைத்தார். சதை இல்லை, ஆனால் நடக்கும்.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு மீ கோரிங் கடை பாயிடம் போனோம். மாணவர் பொத்தானை அழுத்தினார். பாயின் கைபேசியில் எண் வந்தது. உணவைக் கொடுத்ததும் அந்த எண்ணைத் தொட்டு நீக்க வேண்டும் என்று மாணவர் விளக்கினார். பாய் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் எண்ணெய், தம்பி. இதை நான் எப்படித் தொடுறது?"

அந்தக் குழுவின் முதல் வரைவில் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஐந்து நிலைகள் இருந்தன: பெறப்பட்டது, சமைக்கப்படுகிறது, தயார், எடுத்துச் செல்லப்பட்டது, ரத்து. அவற்றைக் கடைக்காரரே தொட்டுத் தொட்டு மாற்றுவார் என்பது எண்ணம். உச்சிவேளைக் கூட்டத்தில் வாணலியின் முன்னால் நிற்கிறவர் அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுக்கடுக்காகக் கட்டியிருந்தால் இந்த ஐந்து நிலைகளும் அட்டவணையிலும் சர்வரிலும் திரையிலும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாய் கையை விரித்திருப்பார். இப்போது மாற்ற வேண்டியிருந்தது மிகக் குறைவு. உணவை வாங்கிய மாணவரே தம் கைபேசியில் "பெற்றுக்கொண்டேன்" என்று அழுத்துவார். பாயின் பட்டியலிலிருந்து எண் தானாக மறையும். எண்களும் பெரிதாக்கப்பட்டன. கைபேசியைச் சுவரோரம் சாய்த்துவைத்தார், திரை தானாக அணையாதபடி அமைப்பை மாற்றினோம்.

அடுத்த துண்டு, எத்தனை தட்டு என்பதும் காரம் வேண்டாம் போன்ற குறிப்பும். மாணவர் திரையில் இரண்டு இடம், சர்வரில் இரண்டு மதிப்பு, பாயின் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி. தரவுத்தளத்தில் இவ்வளவுதான்:

```sql
ALTER TABLE orders ADD COLUMN qty INTEGER DEFAULT 1;
ALTER TABLE orders ADD COLUMN note TEXT;
```

தரவுத்தளத்தை முதலிலேயே முழுமையாக வடிவமைக்காவிட்டால் பிறகு மாற்றவே முடியாது என்ற அச்சம் மாணவர்களிடம் நிறைய உண்டு. இங்கே பாருங்கள்: முன்பு பதிவான வரிசைகளுக்கு `qty` தானாகவே 1 ஆகிறது. அதுதான் உண்மையும்கூட, அப்போது ஒரு தட்டுதான் கேட்க முடிந்தது. குறிப்பு காலியாக இருக்கும். பழைய தரவு எதுவும் கெடவில்லை. எல்லா மாற்றமும் இவ்வளவு எளிதல்ல. ஒரு பத்தியை இரண்டாகப் பிரிப்பதும் அதன் பொருளை மாற்றுவதும் தலைவலி தரும். ஆனால் புதிதாகச் சேர்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

கட்டணம் என்ற பெரிய கதையையும் குழு அப்படியே விழுங்கவில்லை. முதல் துண்டில் மொத்தத் தொகையைத் திரையில் காட்டுவது மட்டும். பணத்தை மாணவர் கடையில் ரொக்கமாகக் கொடுப்பார். பேநவ் அதற்குப் பிறகு. இந்தத் துண்டில் விலை முதன்முறையாக மூன்று அடுக்குகளையும் கடந்தது. நம்பமாட்டீர்கள், அதே எழுத்துச்சரப் பிழை இவர்களுக்கும் வந்தது. வித்தியாசம், அன்றைக்கே திரையில் தெரிந்தது, விலையைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று என்பதால் அன்றைக்கே சரியானது.

வெட்டியது உண்மையிலேயே செங்குத்துத் துண்டா என்று எப்படி அறிவது? "ஆர்டர் அட்டவணையை உருவாக்குதல்" என்று வேலைப் பட்டியலில் எழுதியிருந்தால் அது துண்டல்ல என்று எளிதில் தெரியும். பாயிடம் காட்ட அதில் எதுவுமில்லை. ஏமாற்றுவது இன்னொரு வகை. திரை அழகாக வேலை செய்யும், எண்ணும் வரும். ஆனால் அந்த எண் திரைக்குப் பின்னாலேயே பொய்யாக எழுதிவைத்ததாக இருக்கும். அதற்கு நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு கைபேசியில் ஆர்டர் கொடுக்கச் சொல்வேன். சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கச் சொல்வேன். பிறகு வேறொரு கைபேசியில் பட்டியலைத் திறந்தால் அந்த ஆர்டர் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் துண்டு எல்லா அடுக்கையும் தொடவில்லை.

இந்த முறைக்கும் விலை உண்டு. முதல் துண்டு அவ்வளவு சிறியதாக இருந்ததால் நால்வரும் ஒரே கோப்புகளில் கை வைத்தார்கள். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி, இணைப்பதில் அரை நாள் சண்டை. அதன் பிறகு இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். தரவுத்தளத்தில் மட்டும் கெட்டிக்காரரான மாணவிக்குத் திரையும் எழுத வேண்டியிருந்தது. அவர் அதை ரசிக்கவில்லை. துண்டு துண்டாகச் சேர்ந்ததில் ஒரு பக்கத்தில் பொத்தான் நீலம், இன்னொரு பக்கத்தில் பச்சை. அதைச் சீராக்க இரண்டு நாள் தனியாக ஒதுக்கினோம். சில முடிவுகளைத் துண்டு துண்டாக எடுக்கவும் கூடாது. முதல் துண்டிலேயே மாணவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேமித்திருந்தால், பாதுகாப்பை ஐந்தாவது துண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்க முடியாது. வெறும் எண்ணோடு தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டாவது வாரத்தில் இயக்கிக் காட்டியபோது முதல் அட்டவணையில் இருந்த பல அம்சங்கள் செயலியில் இல்லை. உணவுக்கு நட்சத்திர மதிப்பீடு தொடங்கப்படவே இல்லை. பேநவும் எட்டவில்லை. ஆனால் மூன்று கடைகளின் உணவைச் சொல்லிவைக்க முடிந்தது. யாருடைய அட்டவணையிலும் இல்லாத ஒரு பொத்தானும் இருந்தது. ஆறாவது வாரத்தில் பாய் கேட்டது அது. மாவு தீர்ந்துவிட்டால் ஆர்டர் வராமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு பத்தி, சர்வரில் ஒரு சோதனை, மாணவர் திரையில் "இன்று முடிந்துவிட்டது" என்ற வரி. இரண்டு நாளில் சேர்த்துவிட்டார்கள். எண்ணெய்க் கையோடும் அழுத்தும்படி, பாயின் திரையில் பாதி அளவுக்குப் பெரிய பொத்தான். கைபேசியை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.