கூட்டல் சரி, பகுதி தவறு

ஒரு நிறுவனத்தின் பணப்பாய்வு அறிக்கை, ஓர் ஆண்டில் உள்ளே வந்த பணத்தையும் வெளியே போன பணத்தையும் மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. சரக்கை விற்று வசூலித்தது, மூலப்பொருளுக்கும் சம்பளத்துக்கும் வரிக்கும் கொடுத்தது எல்லாம் இயக்கச் செயல்பாடுகள். இயந்திரம், கட்டடம், வைப்புநிதி போன்றவற்றை வாங்குவதும் விற்பதும் முதலீட்டுச் செயல்பாடுகள். பங்கு வெளியிடுவது, கடன் வாங்குவது, அதைத் திருப்பிக் கட்டுவது, பங்காதாயம் கொடுப்பது ஆகியவை நிதிச் செயல்பாடுகள்.

எந்தத் தொகை எந்தப் பகுதிக்குப் போகும் என்பதைத் தொழிலின் தன்மைதான் முடிவு செய்கிறது. நூற்பாலை ஒன்று ஆலைக்காக வாங்கும் நிலம் முதலீட்டுச் செயல்பாடு. வீடு கட்டி விற்கும் நிறுவனம் மனைக்காக வாங்கும் நிலம் அதன் சரக்கு. அதனால் அது இயக்கச் செயல்பாடு. மற்றவர்கள் கடன் கொடுத்தால் அது முதலீடு, வங்கி கடன் கொடுத்தால் அதுவே அன்றாடத் தொழில்.

பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டின் வரிக்கு முந்தைய லாபம் 50 லட்சம் ரூபாய். அந்த லாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானமாக 20 லட்சமும் கடன் வட்டியாக 12 லட்சமும் கழிக்கப்பட்டிருக்கின்றன. பழைய லேத் ஒன்றை விற்றதில் கிடைத்த 3 லட்சம் லாபமும் வைப்புநிதி வட்டி 2 லட்சமும் அதில் சேர்ந்திருக்கின்றன. தேய்மானத்துக்குப் பணம் எதுவும் வெளியே போகவில்லை. வட்டிக்கும் லேத்துக்கும் வேறு பகுதிகளில் இடம் உண்டு. ஆகவே முதல் இரண்டையும் கூட்டி, அடுத்த இரண்டையும் கழித்தால் 77 லட்சம் வரும்.

அடுத்தது நடைமுறை மூலதனம். கடனாளிகளிடம் நிற்கும் பாக்கி 15 லட்சமும் சரக்கிருப்பு 8 லட்சமும் கூடியிருக்கின்றன. அந்த அளவுக்குப் பணம் முடங்கிவிட்டது. கடனீந்தோருக்குத் தர வேண்டியது 16 லட்சம் கூடியிருப்பதாக இருப்புநிலைக் குறிப்பு சொல்கிறது. ஆனால் அதில் 10 லட்சம் புது இயந்திரத்தை விற்றவருக்குத் தர வேண்டிய பாக்கி. அது மூலப்பொருள் கடன் அல்ல என்பதால் 6 லட்சத்தை மட்டுமே இங்கே கூட்ட வேண்டும். வருமான வரியாகக் கட்டிய 13 லட்சத்தையும் கழித்தால், இயக்கச் செயல்பாடுகளில் நிகரமாக வந்த பணம் 47 லட்சம்.

முதலீட்டுப் பகுதியில் லேத் விற்ற 9 லட்சம் முழுவதும் வரவு. புது இயந்திரத்தின் விலை 70 லட்சம் என்றாலும் இந்த ஆண்டு கைவிட்டுப் போனது 60 லட்சம்தான். வைப்புநிதி வட்டி 2 லட்சம் வரவு. நிகரம், 49 லட்சம் வெளியே. நிதிப் பகுதியில் புதிய கடன் 40 லட்சம் வரவு. பழைய கடன் தவணை 18, வட்டி 12, பங்காதாயம் 5 லட்சம் செலவு. நிகரம், 5 லட்சம் உள்ளே. மூன்றையும் சேர்த்தால் கையிருப்பு 3 லட்சம் கூடியிருக்கிறது. 7 லட்சமாக இருந்த ரொக்கம் 10 லட்சமாகிறது.

இனி அந்த 10 லட்சம் பாக்கியைக் கவனிக்காமல் ஒரு கணக்கர் இதே அறிக்கையைத் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கடனீந்தோர் உயர்வு 16 லட்சத்தையும் இயக்கப் பகுதியில் கூட்டிவிட்டு, இயந்திரத்துக்கு 70 லட்சம் போனதாகக் காட்டுகிறார். இயக்கப் பணம் 57 லட்சமாக உயர்கிறது, முதலீட்டுச் செலவு 59 லட்சமாகிறது. மொத்தம் அதே 3 லட்சம். ரொக்கம் வங்கிக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. லேத்திலும் இப்படி நடக்கலாம்: 3 லட்சம் லாபத்தைக் கழிக்க மறந்து, முதலீட்டு வரவாக ஏட்டு மதிப்பான 6 லட்சத்தை மட்டும் எழுதினாலும் கணக்கு டேலி ஆகிவிடும். பணப்பாய்வு அறிக்கையில் டேலி ஆவது ஒரு தொகை விடுபடவில்லை என்பதற்குத்தான் சான்று. அது சரியான பகுதியில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை டேலி சொல்லாது. கடன் தரும் வங்கியும் பங்கு வாங்குபவரும் முதலில் பார்ப்பது இயக்கப் பணத்தை என்பதால், இந்தத் தவறு சிறியதல்ல.

வட்டியில் வேறு விதமான சிக்கல் இருக்கிறது. இந்தியாவின் கணக்கியல் தரநிலை 7-ன்படி, நிதி நிறுவனம் அல்லாதவை கட்டும் வட்டி நிதிச் செயல்பாடு, பெறும் வட்டி முதலீட்டுச் செயல்பாடு. அமெரிக்க விதியில் இரண்டுமே இயக்கச் செயல்பாடுகள். நம் பம்ப்செட் நிறுவனத்தை அமெரிக்க முறையில் எழுதினால் இயக்கப் பணம் 47 லட்சத்திலிருந்து 37 லட்சமாக இறங்கும். தொழிலில் ஒரு நட்டுகூட மாறியிருக்காது. சர்வதேசத் தரநிலை இதுவரை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அந்த விருப்பம் பெரும்பாலான நிறுவனங்களுக்கு இல்லை. கட்டும் வட்டி நிதிப் பகுதிக்குத்தான் போக வேண்டும். இரு நாட்டு நிறுவனங்களை ஒப்பிடுபவர் வட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவது நல்லது.

கவனக்குறைவால் நேரும் இடமாற்றத்தை வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம் உதாரணம். தன் வாடிக்கையாளரின் அழைப்புகளைக் கொண்டுசெல்லப் பிற நிறுவனங்களின் கம்பிவழிகளைப் பயன்படுத்தியதற்கு அது கட்டணம் கட்டி வந்தது. மாதாமாதம் தீர்ந்துபோகும் அன்றாடச் செலவு அது. 2001-லும் 2002-ன் முதல் காலாண்டிலும் அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் செலவில் எழுதாமல் சொத்தாக ஏட்டில் ஏற்றினார்கள். 2002 ஜூனில் நிறுவனமே அறிவித்த தொகை 380 கோடி டாலருக்கும் மேல். அடுத்த மாதமே அது திவால் மனு கொடுத்தது.

இதில் லாபம் பெருகியது எல்லோருக்கும் தெரிந்த கதை. பணப்பாய்விலும் அதே தந்திரம் வேலை செய்தது என்பதுதான் பலர் கவனிக்காதது. சொத்தாக ஏறிய செலவு முதலீட்டுப் பகுதிக்குப் போய்விடும். அங்கே பெரிய செலவு தெரிந்தால், விரிவாக்கம் நடக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார். லாபத்தைத் திரிக்கலாம், ரொக்கத்தைத் திரிக்க முடியாது என்ற பழைய நம்பிக்கை இங்கே உதவவில்லை. ரொக்கம் உண்மையாகவே இருந்தது. அதன் பெயர்தான் பொய்.

இத்தகைய இடமாற்றத்தைப் பிடிக்க நிலைச்சொத்து அட்டவணைதான் நல்ல கருவி. ஆண்டில் சேர்ந்த சொத்துகளின் மதிப்பும் முதலீட்டுப் பகுதியில் சொத்துக்காகப் போன பணமும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால், இயந்திரம் விற்றவருக்குப் பாக்கியோ முன்பணமோ அதை விளக்க வேண்டும். பம்ப்செட் நிறுவனத்தில் 70-க்கும் 60-க்கும் இடையிலான 10 லட்சத்துக்கு விடை கடனீந்தோர் விவரத்திலேயே கிடைக்கிறது. வேர்ல்ட்காமில் இரு தொகைகளும் பொருந்தியே வந்திருக்கும், ஏனென்றால் பணமும் போயிருந்தது, சொத்தும் ஏட்டில் ஏறியிருந்தது. அங்கே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அந்தச் சொத்து எங்கே இருக்கிறது என்பது. உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவரது குழுவும் அதைத்தான் கேட்டார்கள். சொத்துப் பதிவுகளுக்கு ஆதாரம் காட்டும் ஆவணங்களை அலுவலகத்தில் யாராலும் எடுத்துத் தர முடியவில்லை.