வராத ஆளுக்கு எழுதும் மெயில்

இன்டர்வியூவுக்கு நாள் குறித்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று. ஆள் மட்டும் வரவில்லை. வரமுடியாது என்று ஒரு போன் இல்லை, ஒரு வரி மெசேஜ் இல்லை. ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இதை ‘நோ ஷோ’ என்பார்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் இது யாரையும் திடுக்கிட வைக்காத சங்கதி.

மறுநாள் காலை ரெக்ரூட்டர் என்ன செய்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலர் ஒன்றும் செய்யாமல் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். சிலர் காட்டமாக நாலு வரி எழுதித் தள்ளுவார்கள். கொஞ்சம் பேர்தான் என்ன ஆயிற்று என்று பக்குவமாக விசாரித்து ஒரு மெயில் போடுகிறவர்கள். நல்ல மனசுக்காரர்கள் என்று அவர்களைப் பாராட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மெயிலுக்கு அதைவிடக் காரியார்த்தமான காரணம் ஒன்று உண்டு. ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் ரெக்ரூட்டருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. தப்பு தன் பக்கமேகூட இருக்கலாம்.

எப்படி என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சென்னையில் ஒரு கம்பெனி, மென்பொருள் சோதனைக் குழுவுக்குத் தலைமை ஏற்க ஆள் தேடுகிறது. கடைசிச் சுற்றில் கேள்வி கேட்கப்போகும் மேனேஜர் நியூயார்க்கில் இருக்கிறார். 2025 அக்டோபர் கடைசி வாரம் ரெக்ரூட்டர் அவரிடம் நேரம் கேட்கிறார். நவம்பர் 4, செவ்வாய், அங்கே காலை ஒன்பதரை என்கிறார் மேனேஜர். நியூயார்க்கில் ஒன்பதரை என்றால் நமக்கு மாலை ஏழு. அன்றைக்குக் கணக்கு சரிதான். ரெக்ரூட்டர் விண்ணப்பித்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் “செவ்வாய் மாலை 7 மணி” என்று போட்டு, வீடியோ இணைப்பையும் அதிலேயே ஒட்டிவிடுகிறார். முறையான காலண்டர் அழைப்பு மேனேஜரின் முகவரியிலிருந்து தனியாகப் போகிறது. அறிமுகமில்லாத வெளிநாட்டு முகவரி என்பதால் அது அந்தப் பெண்ணின் ஸ்பாம் பெட்டியில் போய் விழுகிறது.

நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது. அமெரிக்காவில் கோடைக்காலத்துக்காக மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னே இழுத்துவிடுவார்கள். 2025இல் அந்த ஞாயிறு நவம்பர் 2. அதுவரை நமக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அதற்குப் பிறகு பத்தரை. ஆகவே நவம்பர் 4 அன்று அங்கே காலை ஒன்பதரை என்பது இங்கே இரவு எட்டு. மேனேஜரின் காலண்டருக்கு இது தெரியும். ரெக்ரூட்டரின் வாட்ஸ்அப் மெசேஜுக்குத் தெரியாது.

செவ்வாய் மாலை ஏழுக்கு அந்தப் பெண் இணைப்பை அழுத்துகிறார். யாராவது உள்ளே அனுமதிக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறது திரை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு, கூப்பிட்டவர்களே வரவில்லை, இவர்களோடு என்ன பேச்சு என்று மடிக்கணினியை மூடுகிறார். எட்டு மணிக்கு மேனேஜர் வருகிறார். அவரும் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, ‘ஆள் வரவில்லை’ என்று ரெக்ரூட்டருக்கு ஒரு வரி அனுப்புகிறார். இரண்டு பக்கமும் சொன்ன வார்த்தை தவறவில்லை. இரண்டு பக்கமும் மற்றவர்தான் ஏமாற்றினார் என்று நினைக்கிறது.

புதன் காலை ரெக்ரூட்டர் இரண்டு முறை போன் செய்கிறார். எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது; அந்தப் பெண் தன் இப்போதைய ஆபீஸில், சக ஊழியர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். வேறு வேலை தேடுகிறவருக்குப் பகல் நேர போன் என்பது தர்மசங்கடம். மெயில் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓரமாகப் போய்ப் படிக்கலாம்.

எழுதுவதற்கு முன்னால் அனுபவமுள்ள ரெக்ரூட்டர் ஐந்து நிமிடம் தன் பக்கத்தைச் சோதிப்பார். காலண்டர் அழைப்பை அவர் ஏற்றுக்கொண்டாரா, பதிலே இல்லையா? முகவரியில் எழுத்துப்பிழை உண்டா? நேரம் மாற்றியபோது பழைய இணைப்பு ரத்தாகிவிட்டதா? நடுவில் கன்சல்டன்சி இருந்தால், அவர்கள் சம்பந்தப்பட்டவரிடம் உண்மையிலேயே கேட்டுத்தான் நேரத்தை உறுதிசெய்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் பல ‘நோ ஷோ’க்களின் குட்டு உடைந்துபோகும். நம் உதாரணத்தில் அழைப்புக்குப் பதிலே வந்திருக்கவில்லை. அது ஒரு தடயம். தீர்ப்பு சொல்லப் போதாது. எனவே அவர் இப்படி எழுதுகிறார்:

“வணக்கம். நேற்று, நவம்பர் 4 செவ்வாய், இந்திய நேரம் இரவு 8 மணிக்கு உங்களுக்கு இன்டர்வியூ வைத்திருந்தோம். எங்கள் மேனேஜர் 15 நிமிடம் இணைப்பில் இருந்தார். உங்களைச் சந்திக்க முடியவில்லை என்றார். இன்று காலை இரண்டு முறை அழைத்தேன், பேச வாய்க்கவில்லை. நீங்கள் நலம்தானே?

அழைப்போ இணைப்போ சரியாக வந்து சேரவில்லை என்றால் சொல்லுங்கள், என் பக்கம் பார்க்கிறேன். இந்த வேலையில் இப்போது விருப்பம் இல்லை என்றாலும் ஒரு வரி போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. தொடர விரும்பினால் வெள்ளி மாலைக்குள் தெரிவியுங்கள். வேறு நேரம் கிடைக்குமா என்று மேனேஜரைக் கேட்டுப் பார்க்கிறேன்.”

இந்த மெயிலில் வேலை செய்தது முதல் வரிதான். நாள், கிழமை, எந்த நாட்டு நேரம் என்பதுவரை முழுசாக எழுதியிருக்கிறார். “நேற்று நீங்கள் வராதது குறித்து” என்று மட்டும் ஆரம்பித்திருந்தால், அந்தப் பெண் “வரவில்லையா? நான் வந்தேனே, நீங்கள்தான் வரவில்லை” என்று கொதித்திருப்பார், அல்லது பதிலே போட்டிருக்கமாட்டார். ‘இரவு 8’ என்பதைப் பார்த்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘மாலை 7’ என்ற மெசேஜைப் படம் பிடித்து அனுப்புகிறார். ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று ரெக்ரூட்டருக்குப் புரிகிறது. மன்னிப்புக் கேட்டு, மேனேஜரிடம் விளக்கி, மறுபடி நேரம் வாங்குகிறார்.

நலம்தானே என்று விசாரித்தது சும்மா உபசாரம் என்று தோன்றலாம். வராமல்போனவர் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தால், கடிந்து எழுதிய மெயில் அங்கே போய்ச் சேரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதே சமயம் விசாரிப்பு அந்த ஒரு வார்த்தையோடு நின்றுவிட வேண்டும். என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, சான்று உண்டா என்பதெல்லாம் இன்னும் வேலைக்கே சேராத ஒருவரிடம் கேட்கக்கூடாதவை.

மெயிலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். “எங்கள் மூத்த மேனேஜரின் பொன்னான நேரம்” என்ற புலம்பல் இல்லை. அது உண்மைதான், ஆனால் அதைப் படித்தவருக்குப் பதில் எழுதக் கை வராது. மேனேஜருக்கு நகல் போகவில்லை. மூன்றாவது ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் உண்மை வெளிவராது, சாக்குதான் வரும். புது நேரம் தருகிறேன் என்ற வாக்குறுதியும் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்பதோடு சரி. மேனேஜர் முடியாது என்றுவிட்டால் சொன்ன சொல்லை விழுங்க வேண்டியிருக்கும்.

அனுப்பும் நேரமும் முக்கியம். குறித்த நேரம் தாண்டிப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது போன்: “இணைப்பில் சிக்கலா?” என்று கேட்டால், நெட் கிடைக்காமல் திண்டாடுகிறவர் அப்போதே பிழைத்துக்கொள்வார். மெயில் அன்று மாலையோ மறுநாள் காலையோ போகலாம். ஒரு வாரம் கழித்துப் போனால் அது விசாரிப்பாகத் தெரியாது, கோப்பை மூடுவதற்கான சடங்காகத் தெரியும்.

எல்லாக் கதையும் இப்படிக் கடிகாரத்தில் போய் முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றே வராமல் இருப்பவர்கள் நிறைய. நம் ஐ.டி. துறையில் ராஜினாமா கொடுத்த பிறகு மூன்று மாதம் நோட்டீஸ் காலம் என்பது பல இடங்களில் வழக்கம். கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதமும் அதைவிட நல்லதைத் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் மற்ற இன்டர்வியூக்கள் அப்படியே அறுந்துபோகும். இப்போதைய கம்பெனியே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து இருத்திக்கொள்வதும் உண்டு. இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருந்த 2018 டிசம்பரில், அமெரிக்க மத்திய வங்கியின் ‘பெய்ஜ் புக்’ பொருளாதார அறிக்கையே, சிகாகோ வட்டாரத்தில் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாயமாவதைப் பற்றிப் பதிவு செய்தது. கிராக்கி யார் பக்கமோ அவர்கள் பதில் சொல்ல மெனக்கெடுவதில்லை. இன்டர்வியூ முடிந்தபின் மாதக்கணக்கில் வாய் திறக்காத கம்பெனிகளும் இதையேதான் செய்கின்றன.

இவர்களில் பலரை மௌனமாக்குவது கூச்சம். “வேறு இடம் கிடைத்துவிட்டது” என்று சொல்வதை முகத்தில் அடிப்பதாக நினைத்து, சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். “விருப்பம் இல்லை என்றாலும் ஒரு வரி போதும்” என்ற வாக்கியம் அவர்களுக்காகவே. அதைக் கண்டதும் “மன்னிக்கவும், வேறு இடத்தில் சேருகிறேன்” என்று ஒரு வரி வந்தால், ரெக்ரூட்டர் அந்த இடத்தை அன்றைக்கே வேறு ஒருவருக்குத் திறந்துவிடலாம்.

அப்படியும் பல மெயில்களுக்குப் பதில் வராது. வெள்ளி மாலை தாண்டியதும் இன்னொரு சின்ன மெயில் போடலாம்: “பதில் கிடைக்காததால் இந்த விண்ணப்பத்தை இப்போதைக்கு முடித்துக்கொள்கிறோம், பின்னால் எழுத விரும்பினால் எழுதுங்கள்.” மூன்றாவது வேண்டாம், அது நச்சரிப்பு. உங்களைக் கறுப்புப் பட்டியலில் வைப்போம் என்ற மிரட்டலும் வேண்டாம்; வேறு வேலை கிடைத்துவிட்டவர் அதற்கு ஏன் பயப்பட வேண்டும்?

கம்பெனியின் விண்ணப்பப் பதிவில் என்ன எழுதுகிறோம் என்பது மட்டும் மிச்சம். ‘நோ ஷோ’ என்று ஒற்றைச் சொல்லில் போட்டுவிட்டால், இரண்டு வருடம் கழித்து அதே பெண் வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அதைத் திறந்து பார்க்கும் புது ரெக்ரூட்டர் மேற்கொண்டு படிக்கமாட்டார். “நவம்பர் 4 இன்டர்வியூ நடக்கவில்லை, நாம் சொன்ன நேரத்தில் ஒரு மணி நேரப் பிழை” என்று எழுத அரை நிமிடம் ஆகும். பதிலே வராதவர் விஷயத்தில் “வரவில்லை, ஒரு மெயில், இரண்டு போன், பதில் இல்லை” என்று நடந்ததை மட்டும் எழுதி வைக்கலாம்.