பேசத் தயங்குபவருக்கு ஜிடியில் ஒன்றரை நிமிடம் போதும்

கேம்பஸ் டிரைவில் ஆப்டிட்யூட் தேர்வைத் தாண்டிவிட்டு, குரூப் டிஸ்கஷன் அறைக்குள் வாய் திறக்காமலேயே வெளியே வந்துவிடும் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள் அல்ல. மற்றவர்கள் விடாமல் பேசும்போது எங்கே நுழைவது என்று தெரியாதவர்கள். அவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். பத்துப் பேர், பதினைந்து நிமிடம் என்றால் ஒருவர் பங்குக்கு வருவது ஒன்றரை நிமிடம். அரை அரை நிமிடமாக மூன்று முறை பேசினால் உங்கள் பங்கு முடிந்தது.

முதல் ஆளாகத் தொடங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தலைப்பு புரியாமல் அவசரமாகத் தொடங்கியவர் தடுமாறினால், அதுவும் மதிப்பெண் தாளில் ஏறும். மூன்றாவது, நான்காவது ஆளாக நுழைவது தயங்குபவருக்கு வசதி. அதற்கு அறைக்கு வெளியே காத்திருக்கும்போதே, கூட வருபவர்களின் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பெயர் நினைவிருந்தால் போதும்.

‘கிராமத்து மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு பயன்படுமா?’ என்று தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் நெட் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சரவணன் என்பவர் மூச்சு விடும் இடைவெளியில் தொடங்குகிறாள்: “சரவணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். நெட் கிடைத்தாலும் வீட்டில் போன் ஒன்றுதான். 2020-ல் நான் பிளஸ் ஒன். அப்பா வேலைக்குப் போனை எடுத்துப்போனால் எனக்கும் தம்பிக்கும் அன்று வகுப்பு இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது எங்களுக்கு உதவியது. ஆனால் சந்தேகம் கேட்க முடியவில்லை.”

அவளுடைய முதல் வாக்கியத்தில் கருத்து எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே செய்தது. நுழையும்போது சொல்லும் முதல் சில சொற்கள் மற்றவர் குரலில் மூழ்கிப்போகும். பெயர் சொல்லி அழைத்தால் சரவணனே நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். அந்த அமைதியில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம். பேசும்போது தேர்வாளரைப் பார்க்கக்கூடாது, பேச்சு குழுவோடுதான். குரல் மெலிந்தவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பேசினால் சத்தம் தானாகவே கூடும்.

மீன் சந்தை போல எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் குழுக்களும் அமைவதுண்டு. அங்கே இந்த வழி முழுதாகப் பலிக்காது. அப்போது பேசியவற்றைக் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் தொகுத்துச் சொல்ல ஒருவரை அழைத்தால் கை தூக்குங்கள். கவனித்துக் கேட்டவருக்கு மட்டுமே அது கைவரும். யாரும் பேசாத புதுக் கருத்தை மட்டும் அந்த இடத்தில் நுழைக்காதீர்கள்.

ஹெச்ஆர் சுற்றில் நிலைமை வேறு. எதிரே ஒருவரோ இருவரோதான், குறுக்கே பேச ஆளில்லை. ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றதும் ரெஸ்யூமை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது அவர் கையிலேயே இருக்கிறது. நீங்கள் கடைசியாகச் சொல்வதிலிருந்துதான் பெரும்பாலும் அடுத்த கேள்வி பிறக்கும். ஆகவே ஊர், துறை எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் கொண்டுவந்து நிறுத்துங்கள். “மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரை இயக்கும் புராஜெக்ட் செய்தோம். அதில் சென்சார் என் பொறுப்பு” என்று அந்த மாணவி முடித்தால், என்ன சிக்கல் வந்தது என்று அவர் கேட்பார். முதலில் வாங்கிய விலை குறைந்த சென்சாரின் கம்பிகள் ஈரத்தில் அரித்து அளவு மாறிப்போனது, பிறகு கெப்பாசிட்டிவ் வகைக்கு மாற்றியது என்று இரண்டு நிமிடம் அவளால் தடங்கலின்றிப் பேச முடியும். கூச்சம் தெரியாத விஷயத்தில்தான் தலைதூக்கும். தன் கையால் செய்ததைச் சொல்லும்போது வெகுவாகக் குறைந்துவிடும்.

உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விக்கு ‘எதையும் கச்சிதமாகச் செய்யப் பார்ப்பேன்’ என்பது கேட்டுச் சலித்த பதில். கூச்சத்தையே சொல்லலாம், ஆனால் அதற்காகச் செய்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: “புதியவர்கள் முன் பேசத் தயங்குவேன். அதனால் இந்த ஆண்டு துறைக் கருத்தரங்கில் நானே பெயர் கொடுத்துப் பேசினேன். முதல் நிமிடம் இன்னும் பதற்றம் இருக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது.” எந்தத் தலைப்பு, யார் கேள்வி கேட்டார்கள் என்று அவர் துருவுவார். அதனால் நடக்காததைச் சொல்லவே கூடாது.

வெளியூர் போவீர்களா, இரவு ஷிஃப்ட் பார்ப்பீர்களா என்பதை முந்தைய நாளே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். ‘அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற பதில் மறுப்பாகவே குறிக்கப்படலாம். பாண்டு உண்டு என்றால், எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஏதாவது கேட்கவேண்டுமா என்று கடைசியில் அவர் விசாரிக்கும்போது, பயிற்சி எந்த ஊரில், எத்தனை மாதம், எந்தத் தொழில்நுட்பத்தில் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.